சிக்கெடுக்கும் கை

எங்கள் நன்னி எதையும் வெட்டிப் பிரிக்க மாட்டார். அம்மாவின் அம்மாவை எங்கள் வீடுகளில் நன்னி என்றுதான் கூப்பிடுவோம். பிரியாணிப் பொட்டலத்தைக் கடைக்காரர் அவசரத்தில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிய நூலாக இருந்தாலும் சரி, அரிசி மூட்டையின் வாய்த்தையலாக இருந்தாலும் சரி, கத்தரிக்கோலோடு யாராவது கிட்டே வந்தால் கையை நீட்டித் தடுத்துவிடுவார்.

"இங்க கொண்டா."

பொட்டலம் அவர் மடிக்குப் போய்விடும். பிரியாணி ஆறும். எங்களுக்கு வயிறு கத்தும். நன்னி முடிச்சைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டே இருப்பார். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. திடீரென்று நூல் தளர்ந்து விழும். அதை நீவி, விரலில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்ட பிறகுதான் பொட்டலம் எங்கள் பக்கம் வரும்.

இதனால் ஒரு முறை ரயிலே போய்விட்டது. சென்னையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகக் எங்கள் திண்டுக்கல் ஸ்டேஷனில் நின்றிருந்தோம். டிக்கெட் நன்னியின் துணி மூட்டைக்குள் இருந்தது. மூட்டையின் முடிச்சு இறுகிவிட்டது. நாங்கள் அத்தா என்று கூப்பிடும் அப்பா பல்லால் கடித்து இழுக்கப் போனார். நன்னி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இழுத்தா இறுகும் மாப்ள. செத்த நேரம் பொறுங்க."

செத்த நேரம் பொறுத்தோம். ரயில் பொறுக்கவில்லை. அது கிளம்பிய பிறகு முடிச்சு அவிழ்ந்தது. அத்தா டிக்கெட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸைத் தேடி நடந்தார். நன்னி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கிழியாத அந்தத் துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் அதே கைக்காகப் பேகம்பூரில் எங்கள் தெருவே காத்திருந்த நாளும் உண்டு. எதிர்வீட்டுப் பெண்ணின் நிக்காஹ் அன்று, போட வேண்டிய சங்கிலிகள் எல்லாம் நகைப்பெட்டிக்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று. பெண்ணின் அம்மா கையில் அந்தத் தங்கக் கொத்தோடு தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். நன்னி அதை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, அதன்மேல் துளி எண்ணெய் விட்டு, விரல் நுனியால் வட்டமாக உருட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றாகச் சங்கிலிகள் விலகி வந்தன. ஒரு கண்ணிகூட நெளியவில்லை. "பூட்டு செய்யிற ஊர்ல சாவி இல்லாம தெறக்கிற கை இது ஒண்ணுதான்" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். என் இயர்போன் ஒயர்களைக்கூட நான் அவரிடம்தான் கொடுப்பேன். அது எதற்குப் பயன்படும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பிரித்துக் கொடுப்பதோடு சரி.

நன்னி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. முகத்தை நினைத்துப் பார்த்தால் இப்போது கொஞ்சம் மங்கலாகத்தான் வருகிறது. அந்த விரல்கள் மட்டும் மங்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு டைபாய்டு வந்தது. வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கை. உயிர் பிழைத்ததே பெரிது என்று அம்மா பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள். எனக்கு அந்த நாட்கள் சரியாக நினைவில் இல்லை. வியர்வை, டிரிப்ஸ் பாட்டில், தலையணையில் தலையை இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து முதல் தடவையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோதுதான் பின்னந்தலையில் ஏதோ இடித்தது. கையை வைத்துப் பார்த்தேன். தேங்காய் நார் உருண்டையைத் தலையில் ஒட்டவைத்த மாதிரி இருந்தது. இடுப்புவரை இருந்த என் முடி முழுக்கப் பின்கழுத்துக்கு மேலே ஒரே கட்டியாகத் திரண்டு இறுகிக் கிடந்தது.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "மொட்டை போட்டுருங்க, காய்ச்சல்ல முடி எப்படியும் கொட்டத்தான் செய்யும்" என்றாள் சின்னம்மா. தப்பான யோசனை இல்லை. ஆனால் ஏற்கெனவே என் முகம் எலும்பாகிவிட்டிருந்தது. கண்ணாடியில் இருந்த பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முடியும் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைத்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். நோன்பு மாதம் ஆரம்பித்திருந்தது. பெருநாளைக்கு எல்லாரும் வருவார்கள். எல்லாரும் பார்ப்பார்கள்.

அம்மா ஒரு மதியம் கத்தரிக்கோலோடு வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"வெட்டிருவோம்மா. முடிதானே, வளந்துரும்."

"அத எடுத்து உள்ள வை" என்றது வாசலிலிருந்து நன்னியின் குரல்.

நன்னி வந்து நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வீட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. நான் பயப்படுவேன் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, நன்னியும் அதுவரை சின்னம்மா வீட்டில் இருந்திருக்கிறார். கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் மட்டும் வீங்கித் தெரிந்தன. முடிச்சுகளை அவிழ்த்த விரல்கள்.

"நீங்க எப்படிம்மா பண்ணுவீங்க?" என்றாள் அம்மா. "ஒத்தக் கையால இதப் பிரிக்க முடியுமா? நான் பிரிக்கிறேன்னா, நான் தொட்டாலே இவ கத்துறா."

"நானும் பிரிக்கல, நீயும் பிரிக்க வேணாம். அவ தலை, அவ பிரிப்பா. நான் சொல்லித் தாரேன்."

எனக்குக் கையைத் தூக்கி வைக்கவே தெம்பு இல்லை. அதைச் சொன்னேன். நன்னி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இடது கையை அந்தக் கட்டியின் மேல் வைத்தார். அழுத்தவில்லை. காய்ச்சல் பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டே இருந்தார்.

"தெம்பு வர்ற அன்னிக்கு ஆரம்பிப்போம். அதுவரைக்கும் எண்ணெய் குடிக்கட்டும்."

அன்று எண்ணெய் மட்டும்தான். ஆத்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து வரும் தேங்காயைச் செக்கில் ஆட்டி வைத்திருந்தது ஒரு பங்கு. அதில் கால் பங்குக்கும் குறைவாக விளக்கெண்ணெய். அடுப்பில் வைக்கக்கூடாது என்றார். கொதித்த தண்ணீர் இருந்த பாத்திரத்துக்குள் எண்ணெய்க் கிண்ணத்தை இறக்கி வைத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, சூடு இதமாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"தேங்கெண்ண முடிக்குள்ள போகும். வெளக்கெண்ண மேல நின்னு வழுக்கி விடும். ரெண்டும் வேணும்."

விரல் நுனியில் எடுத்துக் கட்டியைச் சுற்றிலும் விடச் சொன்னார். பரபரவென்று தேய்க்கக் கூடாது. மாவு பிசைவதுபோலவும் கூடாது. உள்ளங்கையால் பொத்தி, மெல்ல அமுக்கி, விட வேண்டும். அமுக்கி, விட வேண்டும். நான் செய்தேன். எண்ணெய் காதுக்குப் பின்னால் வழிந்து கழுத்துக்குப் போயிற்று. பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் படுக்க வைத்தார். அடுத்த நாளும் அதே வேலை. சீப்பு கண்ணிலேயே படவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு ஒருநாள் கட்டியை அமுக்கியபோது அது முன்புபோல் கல்லாக இல்லை. ஊறிய வேட்டித்துணிபோல் இருந்தது. "இப்ப வா" என்றார்.

நான் கைக்கண்ணாடியைத் தூக்கினேன். அதை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"கண்ணாடி எடத்தையும் வலத்தையும் மாத்திக் காட்டும். குழம்பிப் போவ. கண்ண மூடு. வெரல்ல பாரு."

அப்படித்தான் பாடம் தொடங்கியது. ஓரத்திலிருந்து வர வேண்டும், நடுவில் கை வைக்கக் கூடாது. கட்டியின் விளிம்பில் கொஞ்சம் முடியைத் தேடிப் பிடிக்க வேண்டும். இடது கையால் அதைத் தலைக்கும் சிக்குக்கும் நடுவில் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடித்துவிட்டால் கீழே என்ன இழுத்தாலும் மண்டைக்கு வலி போகாது. பிறகு வலது கையால், நுனியிலிருந்து. எப்போதும் நுனியிலிருந்து. மேலிருந்து சீவிக்கொண்டு வந்தால் சின்னச் சிக்கெல்லாம் கீழே போய்ச் சேர்ந்து பெரிய சிக்காகும். நுனியில் ஒரு விரற்கடை பிரிந்த பின் அதற்கு மேலே ஒரு விரற்கடை. விரலால் முடியாத இடத்தில் அகலப் பல் சீப்பின் கடைசிப் பல்லை மட்டும் உள்ளே விட்டு, இழுக்காமல், பக்கவாட்டில் நெம்ப வேண்டும்.

நன்னி பின்னால் உட்கார்ந்து இடது கையின் இரண்டு விரல்களை என் விரல்மேல் வைத்திருப்பார். நான் தப்பான திசையில் நகர்ந்தால் அந்த விரல்கள் லேசாகத் தட்டும். வாயால் திட்டியதே இல்லை. நோன்பு வேறு. பிற்பகலில் அவருக்கு நா வறண்டு பேச்சே குறைந்துவிடும். ஆனால் விரல்கள் களைத்ததில்லை. முறிந்த கை வலிக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். "அது அதுபாட்டுக்கு வலிக்குது. நீ உன் சோலியப் பாரு" என்றார்.

முதல் கற்றை பிரிந்த அன்று நான் பயந்து அலறிவிட்டேன். சுண்டுவிரல் கனம் முடி பிரிந்து வந்தது. கூடவே கை நிறைய முடி உதிர்ந்து வந்தது. என் மடியில் கறுப்பாகக் குவிந்து கிடந்தது.

"நன்னி! எல்லாம் போச்சு! மொட்டையாயிருவேன்!"

அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். நன்னி பதறவில்லை. உதிர்ந்த கொத்திலிருந்து ஒரு முடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தார்.

"இதுல ஒரு நுனியப் பாரு. என்ன தெரியுது?"

நுனியில் மிகச் சின்னதாக, ஊசிமுனை அளவில், வெள்ளையாக ஒரு புள்ளி.

"இது வேரோட தானா விழுந்தது. மனுசருக்குத் தெனமும் விழும். நீ படுத்துக் கெடந்த அம்புட்டு நாளும் விழுந்தது வெளிய போக வழியில்லாம உள்ளயே மாட்டிக்கிடுச்சு. இன்னிக்கு வழி கெடைச்சிருச்சு, வந்துருச்சு. உன் தலையில இருந்து இன்னிக்கு எதுவும் போகல."

இன்னொரு முடியை எடுத்தார். அதில் இரண்டு பக்கமும் புள்ளி இல்லை. வெறுமனே முறிந்திருந்தது.

"இது நீ அத்தது."

அதன்பின் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் உதிர்ந்த முடியை வெள்ளைத் துணியில் போட்டு வெளிச்சத்தில் பார்ப்போம். புள்ளி இல்லாத முடிகள் நாளுக்கு நாள் குறைந்தன. யாரும் மதிப்பெண் போடவில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பரீட்சை எதற்கும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. என் தலையிலிருந்து உதிர்ந்த முடியே என் கையைப் பற்றி எனக்குச் சொல்லும் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

பிரித்த கற்றையை அப்படியே விட்டால் அது மறுபடி கட்டியோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அதனால் பிரித்த உடனே பின்னிவிட வேண்டும் என்றார். எனக்குப் பின்னத் தெரியாது. அதுவரை அம்மாதான் பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். நன்னி பழைய சேலையில் மூன்று நிறத்துக் கிழிசல்களை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னார்.

"மூணு கால். வலது கால் நடுக்கால் மேல ஏறி நடுவுக்கு வரும். அடுத்து எடது கால் ஏறி நடுவுக்கு வரும். இம்புட்டுத்தான் பின்னல். மிச்சமெல்லாம் கைப்பதம்."

அந்தக் கைப்பதத்துக்குத்தான் நாட்கள் ஆயின. முதல் இரண்டு மடிப்பை இறுக்கமாகப் போட வேண்டும், அங்கே தளர்ந்தால் பின்னல் முழுக்கத் தொங்கும். ஆனால் மண்டைத்தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கக் கூடாது. புருவம் மேலே போனால் தப்பு. கீழே வரவர மூன்று காலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒன்று மெலிந்தால் பருத்த காலிலிருந்து கொஞ்சம் எடுத்து அதற்குக் கொடுக்க வேண்டும். முக்கியமாக, மேலே பின்னப் பின்னக் கீழே தொங்கும் நுனிகள் நமக்குத் தெரியாமல் தாமே எதிர்த்திசையில் பின்னிக்கொள்ளும். நாலு மடிப்புக்கு ஒருதரம் நிறுத்தி, விரலைச் சீப்பாக்கி நுனியைக் கோதிவிட வேண்டும்.

"மேல ஒழுங்கு பண்ணிக்கிட்டே இருக்கும்போது கீழ சிக்காகும். திரும்பிப் பாத்துக்கிட்டே போகணும்."

கம்பியில் பழகிய பின் என் தலையிலேயே, கண்ணை மூடிக்கொண்டு பின்னினேன். பிரிந்த ஒவ்வொரு கற்றையும் ஒரு சின்னப் பின்னலாயிற்று. கட்டி சிறுத்தது, பின்னல்கள் கூடின. கடைசியில் என் தலையைச் சுற்றி எலிவால் எலிவாலாகப் பின்னல்கள் தொங்கின. சின்னம்மா வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். காய்ச்சலுக்குப் பின் நான் சிரித்தது அன்றுதான் என்று அம்மா சொன்னாள்.

நோன்பு முடியும் தறுவாயில் ஒரே ஒரு முடிச்சுதான் மிச்சம் இருந்தது. பின்கழுத்தில் எலும்புக்கு மேலே, ஜாதிக்காய் அளவில். அதை எண்ணெயில் ஊறவைத்தேன். விளிம்பைத் தேடினேன். விளிம்பே இல்லை. மற்றதெல்லாம் எப்படி இளகிப் பிரிந்ததோ அப்படி இது பிரியவில்லை. ஒரு நாள், இன்னொரு நாள். நுழைத்த சீப்புப் பல் ஒன்று ஒடிந்தது.

இருபத்தொன்பதாம் நோன்பு. அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நாள் கிடைக்கும். பிறை தெரியக் கூடாது என்று துஆ கேட்ட ஒரே பிள்ளை அன்று திண்டுக்கல்லில் நானாகத்தான் இருப்பேன். மாலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா நோன்புக் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். கையில் கத்தரிக்கோல்.

"இம்புட்டுப் பிரிச்சாச்சுல்ல, இது ஒண்ணத்தான் வெட்டுவோமே. ஒரு புளியங்கொட்ட அளவு. வெளிய தெரியவே தெரியாது."

எனக்கும் கை சலித்துவிட்டது. "வெட்டிருங்கம்மா" என்றேன்.

நன்னி எங்கள் இருவரையும் பார்த்தார். தடுக்கவில்லை. "வெட்டலாம். அவ தலை, அவ சொல்லட்டும். அதுக்கு முந்தி நான் ஒருக்கா தொட்டுப் பாத்துக்கிறேன்" என்றார்.

இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த முடிச்சில் வைத்து உருட்டினார். கண் ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிமிடங்கள் போயின. அம்மா கால் மாற்றி நின்றாள். பிறகு விரலை எடுத்து மூக்கின் அருகே கொண்டுபோனார் நன்னி. மறுபடியும் உருட்டினார்.

"இது சிக்கு இல்ல" என்றார்.

"பின்ன?"

"சிக்குன்னா வெரலுக்குள்ள உருளும். இது உருளல, மடங்குது. உள்ள என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது." அம்மா பக்கம் திரும்பினார். "இவ கையில ஊசி குத்தி ஒட்டியிருந்தாங்கல்ல, பிளாஸ்திரி. கையத் தலைக்கு அடியில வச்சுப் படுப்பாளா?"

அம்மா அப்படியே நின்றாள். "எந்நேரமும் அப்படித்தாம்மா படுத்துக் கெடந்தா."

பிளாஸ்திரி. கையிலிருந்து கழன்ற துண்டு ஒன்று முடியில் ஒட்டி, சுருண்டு, அதன்மேல் முடி சுற்றி, அதன்மேல் சிக்கு ஏறி... இத்தனை பெரிய கட்டிக்கு நடுவில் அதுதான் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் எல்லாவற்றையும் பிடித்துவைத்திருந்தது அதுதான்.

"இழுத்தா வராது. பசை எண்ணெயிலதான் கரையும். மேல எண்ணெய் விட்டா உள்ள போகாது. நல்லா வெதுவெதுப்பா சுடவச்சு, பஞ்சுல முக்கி, முடிச்சுக்கு அடியில வச்சுக் கட்டு. பாங்கு சொல்லிரும், வா கஞ்சி குடிப்போம்."

கட்டினோம். பாங்கு சொன்னார்கள். நன்னி ஒரு பேரீச்சம்பழத்தை இடது கையால் எடுக்கப்போய், சட்டென்று நிறுத்தி, மாவுக்கட்டின் நுனியில் தெரிந்த வலது விரல்களாலேயே சிரமப்பட்டுப் பற்றி வாயில் போட்டுக்கொண்டார். நான் கஞ்சிக் கோப்பையைப் பிடித்திருந்தேன், குடிக்கவில்லை. மஃரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் மைக் கரகரத்தது. பிறை தெரிந்துவிட்டது. தெருவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நாளைக்குப் பெருநாள்.

"இப்ப கைய வை" என்றார் நன்னி.

கண்ணை மூடிக்கொண்டேன். பஞ்சை எடுத்தேன். முடிச்சின் அடியில் விரல் விட்டபோது, அதுவரை இல்லாத ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. வழவழப்பாக, மெல்லியதாக. ஒரு முடியை அதிலிருந்து நழுவவிட்டேன். வந்தது. இன்னொன்று. அதுவும் வந்தது. வேகப்படுத்தத் தோன்றியது. நன்னியின் இரண்டு விரல்கள் என் விரல்மேல் வந்து உட்கார்ந்தன. நான் நிதானித்தேன். அதன்பின் ஒவ்வொரு முடியாக, எண்ணெயில் வழுக்கிக்கொண்டு, தானாகவே விலகியது. கடைசியில் என் விரல்களுக்கு நடுவில் நைந்துபோன ஒரு வெள்ளைத் துணுக்கு மட்டும் மிஞ்சியது. அதை முன்னால் கொண்டுவந்து பார்த்தேன். நகத்தின் அளவு இருந்தது.

அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போனாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். நன்னி தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியலிலேயே அரப்புத்தூளைச் சோறு வடித்த கஞ்சியில் கரைத்துத் தலையில் வைத்து அலசினேன். எலிவால் பின்னல்களை எல்லாம் அவிழ்த்தபோது முடி அலை அலையாக முதுகில் விழுந்தது. முன்பு இருந்ததைவிட மெலிந்துதான் போயிருந்தது. ஆனால் இருந்தது. இடுப்புவரை இருந்தது. ஈரத்தில் சீப்பு போடக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். துண்டால் ஒத்தி, வெயில் படும் ஜன்னலில் காயவைத்தேன். உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவி நுனியில் மட்டும் நீவினேன். வகிடு எடுத்தேன். பின்னினேன். தோளுக்குக் கீழே வந்ததும் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு மிச்சத்தை முடித்து, கறுப்பு ரிப்பனால் கட்டினேன். அம்மா மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டாள். என் தலையில் யாரும் கை வைக்காமல் நானே பின்னிய முதல் பின்னல். கொஞ்சம் கோணல்தான்.

ஆண்கள் பெருநாள் தொழுகைக்குப் போய்விட்டார்கள். சமையலறையில் தாளிப்புச் சத்தம். புதுத்துணியோடு நன்னிக்கு ஸலாம் சொல்ல அவர் அறைக்குள் போனேன். பின்னலை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார். "ம்" என்றார். பிறகு, "கதவச் சாத்து" என்றார்.

சாத்தினேன்.

நன்னி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இடது கையால் தலைமுக்காட்டை விலக்கினார். வீட்டுக்குள்ளும் முக்காடு விலகாது அவருக்கு. நான் அவர் முடியை முழுதாகப் பார்த்ததே இல்லை. கொண்டையில் ஒரு ஊசிகூட இல்லை, அது அப்படியே நின்றது. தொட்டுப் பார்த்தேன். இறுகியிருந்தது. வழுக்கி விழுந்த நாளிலிருந்து ஒற்றைக் கையால் அவிழ்க்கவும் முடியாமல் சீவவும் முடியாமல், அந்த வெள்ளைக் கொண்டை சிக்காகிக் கட்டியாகியிருந்தது. என்னுடையது அளவுக்கு இல்லை. ஆனால் அதே கட்டி.

அம்மா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், "தலை வாரிவிடவாம்மா?" என்று. சின்னம்மாவும் கேட்டாள். "ஆச்சு, ஆச்சு" என்றே சொல்லி அனுப்பியிருக்கிறார். இத்தனை நாளும் என் பின்னால் உட்கார்ந்து, நோன்போடு, முறிந்த கையோடு, என் சிக்கை எடுக்கச் சொல்லிக்கொடுத்தபோதெல்லாம் அந்த முக்காட்டுக்குள் இது இருந்திருக்கிறது.

"ஏன் நன்னி யார்ட்டயும் சொல்லல?"

"உங்கம்மா அவசரக்காரி. உன் சின்னம்மா இழுப்பா." ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு நல்ல கை வேணும்ல. இம்புட்டு நாளா உன்ன எதுக்குப் பழக்குனேன்னு நெனச்ச?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணெய்க் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து எடுத்து வந்தேன். உள்ளங்கையால் பொத்தி, அமுக்கி, விட்டேன். ஊறட்டும் என்று காத்திருந்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைத் தேடினேன்.

வயதான முடி பட்டுநூல் மாதிரி. என் முடியைவிட எளிதில் வழுக்கும், எளிதில் அறும். மேலே இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து வந்தேன். என் விரல்மேல் வேறு விரல்கள் எதுவும் இல்லை. ஆனாலும் எந்தத் திசையில் நகர வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வெளியே தெருவில் யாரோ இறைவனைப் புகழும் தக்பீர் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கற்றையாக விடுபட்டு அவர் முதுகில் விழுந்தது. வெள்ளை வெளேரென்று, என் முடியைவிட நீளமாக, தரையைத் தொட்டது.

பின்ன ஆரம்பித்தபோது கை கனத்தது. என்னவென்று பார்த்தேன். நன்னியின் தலை மெல்லப் பின்னால் சாய்ந்து என் உள்ளங்கையில் இறங்கியிருந்தது. யாரையும் தொடவிடாத தலை. கழுத்து தளர்ந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. நான் அசையவில்லை. ஒரு உள்ளங்கையில் தலையைத் தாங்கிக்கொண்டு, அதன் விரல் நுனிகளாலும் மறு கையாலும் மெல்லப் பின்னினேன்.

அம்மா கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் சொல்ல வாயெடுத்ததை விழுங்கிவிட்டு, கதவை மறுபடி சாத்திக்கொண்டு போனாள்.

தொழுகைக்குப் போனவர்கள் திரும்பி வரும் சத்தம் வாசலில் கேட்டது. நன்னி கண் திறக்காமல் கேட்டார்.

"முடிஞ்சிருச்சா?"

பின்னல் முடிந்து வெகுநேரமாகியிருந்தது. நுனியில் நூலும் கட்டிவிட்டேன். அந்தத் தலை என் உள்ளங்கையிலேயே இருந்தது.

"இல்ல நன்னி" என்றேன். "இன்னும் கொஞ்சம் இருக்கு."

"மெதுவா எடு" என்றார் நன்னி.